நடுக்கட்டத்தைப் பிரித்துப் பார்த்தது: ஒரு தடைக்காலக் கருத்துப் படிவத்தைச் சரிசெய்த பதிவு

கையில் வந்த படிவம் ஒரே பக்கம்தான். மேலே ஊர், வயது, தொழில். கீழே மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிப் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: முழுக்க உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, கொஞ்சமும் உடன்படவில்லை. முந்தைய சுற்றில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் நிரப்பிய தாள்களும் கட்டாகக் கூடவே வந்தன. அவற்றைப் புரட்டும்போதே கண்ணில் பட்டது இதுதான்: பல தாள்களில் டிக் எல்லாம் நடுக்கட்டத்திலேயே மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கியிருந்தது. இன்னும் சில தாள்களில் அதே நேர்கோடு ‘உடன்படுகிறேன்’ கட்டத்தில்.

இதை அப்படியே கூட்டிக் கணக்குப் போட்டால், இந்தக் கரைக்காரர்களுக்குத் தடைக்காலத்தைப் பற்றி அழுத்தமான கருத்து எதுவும் கிடையாது என்றுதான் முடிவு வரும். ஏலக்கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று பேச்சைக் கேட்டவர் யாரும் அதை நம்பமாட்டார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு வைத்திருக்கும் சம்மாட்டிக்கும், அதில் கூலிக்குப் போகிறவருக்கும், நாட்டுப்படகுக்காரருக்கும் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்ல இருப்பது தாளுக்கு வரவில்லை என்றால் படிவத்தில்தான் கோளாறு. அதைத் தேடிச் சரிசெய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி அளவுகோலை 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிகர்ட் முன்வைத்தார். லிகர்ட் அளவுகோல் என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஐந்து கட்டம் போட்டாலே அது லிகர்ட் அளவுகோல் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் வழக்கம். அவர் சொன்னதன் சாரம் கட்டத்தில் இல்லை, கூட்டுத்தொகையில் இருக்கிறது. ஒரே மனப்பான்மையைப் பல கோணங்களிலிருந்து தொடும் வாக்கியங்களை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கிடைத்த மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும், அந்தக் கூட்டுத்தொகைதான் ஒருவருடைய அளவு. ஒரு வாக்கியம் தனியாக எதையும் பெரிதாகச் சொல்லாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, வாக்கியங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றனவா என்பது. நம் படிவத்தின் பத்து வாக்கியங்களில் மீன்வளம், வீட்டு வருமானம், நிவாரணத் தொகை, அதிகாரிகளின் கெடுபிடி எல்லாம் கலந்து கிடந்தன.

ஆனால் வாக்கியத்தில் கைவைப்பதற்கு முன்னால், அந்த நடுக்கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு வழிதான் உண்டு. பழைய படிவத்தை ஒருவரிடம் படித்துக்காட்டி, அவர் ஒரு கட்டத்தைச் சொன்னதும், ‘ஏன் அதைச் சொன்னீங்க?’ என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வது. பலரிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வேறு வேறு நிலையில் இருப்பவர்களாகத் தேட வேண்டும்: ஒரு சம்மாட்டி, ஒரு கூலி மீனவர், நாட்டுப்படகுக்காரர், பாசி எடுக்கும் பெண், கருவாடு விற்பவர்.

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடம் பழைய படிவத்தின் மூன்றாவது வாக்கியத்தைப் படித்தேன். ‘தடைக்காலத்தால் மீன்வளம் பெருகி மீனவர்கள் பயனடைகிறார்கள்.’ கொஞ்சம் யோசித்துவிட்டு, நடுவில் போடச் சொன்னார்.

‘ஏங்கக்கா நடுவுல?’

‘மீனு பெருகத்தான் செய்யுது தம்பி. அது லாஞ்சிக்காரவுகளுக்குப் போயிருது, எங்க வீட்டு வள்ளத்துக்கு என்ன வந்துச்சு? பாதி சரி, பாதி தப்பு. அப்ப நடுவுலதானே போடணும்?’

லாஞ்சி என்று அவர் சொன்னது விசைப்படகை. இந்த அக்காவுக்குக் கருத்து இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு கருத்துகள் இருக்கின்றன, இரண்டும் உறுதியானவை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்துக் கேட்டதால், அவர் நியாயமாக நடுக்கட்டத்துக்குப் போனார். ‘பெருகி’ என்ற வினையெச்சத்தில்தான் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ‘ஆகி’, ‘செய்து’, ‘ஆல்’, ‘உம்’ வரும் வாக்கியங்களையெல்லாம் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தபோது பத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன.

மற்றவர்களிடம் கேட்டபோது நடுக்கட்டத்துக்கு வேறு காரணங்களும் கிடைத்தன. கருவாடு விற்கும் ஒருவர், கடலுக்குள் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியாது என்பதற்காக அங்கே போட்டார். தெரியாது என்று போட வேறு கட்டமே இல்லை. கூலி மீனவர் ஒருவர், பக்கத்தில் அவருடைய சம்மாட்டி நின்றதால் அங்கே போட்டார். சம்மாட்டி நகர்ந்த பிறகு அதே வாக்கியத்துக்கு வேறு பதில் வந்தது. என்னை மீன்வளத்துறை ஆள் என்று நினைத்து, எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் போட்டவரும் உண்டு. உண்மையிலேயே இரண்டு பக்கமும் சாயாதவர்கள் இருந்தார்கள், ஆனால் குறைவு. எல்லோரும் தாளில் ஒரே 3. கணக்கில் இந்த 3-கள் ஒன்றையொன்று போலத்தான் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போய் எது எந்த ரகம் என்று பிரிக்க வழியே கிடையாது. அதனால் பதில் வாங்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும்.

நடுக்கட்டத்தையே எடுத்துவிட்டு நான்கு கட்டம் வைத்தால் என்ன என்று உடன் வேலை செய்தவர்கள் கேட்டார்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெரியாதவரும் பயப்படுகிறவரும் உண்மையாகவே நடுவில் இருப்பவரும் ஏதோ ஒரு பக்கம் தள்ளப்படுவார்கள். எதிரே ஒருவர் நின்று கேட்கும்போது அந்தப் பக்கம் பெரும்பாலும் ‘ஆமாம்’ பக்கமாகத்தான் இருக்கும். ஒரு பழக்கத்தை மூடி இன்னொரு பழக்கத்துக்குக் கதவு திறந்த கதைதான்.

நாங்கள் செய்தது, கேள்வியை இரண்டு படியாக்கியது. தாளை ஆள் கையில் கொடுப்பதில்லை, வாயால் கேட்கிறோம். முதல் படி: ‘இது சரிங்கிறீங்களா, சரியில்லைங்கிறீங்களா?’ பதில் வந்ததும் இரண்டாவது படி: ‘முழுக்கவா, ஓரளவுக்கா?’ கொஞ்சமும் உடன்படாததற்கு 1, முழுக்க உடன்படுவதற்கு 5 என்று வைத்தால், இப்படிக் கேட்டாலே 1, 2, 4, 5 கிடைத்துவிடும். நடுவை நாம் சொல்வதே இல்லை. ஆனால் அவராக ‘ரெண்டும்தான்’ என்றோ ‘அப்படிச் சொல்ல முடியாது’ என்றோ சொன்னால், இன்னொரு கேள்வி: ‘ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குங்கிறீங்களா, இல்ல இதப்பத்தித் தெரியாதா?’ இரண்டு பக்கமும் என்றால் மட்டும் 3. தெரியாது என்றால் T. பேச விருப்பம் இல்லை என்றால் P. பேச விருப்பமில்லாதவரை மேலே வற்புறுத்தக் கூடாது. பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் போட வேண்டும்.

இதில் கேட்பவரின் குரல் பெரிய விஷயம். நம் ஊரில் வாக்கியத்தைப் படிக்கும்போது ‘தானே’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘தடைக்காலத்துல மீன் பெருகுதுதானே?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ‘ஆமாம்’ என்று சொல்லாமல் இருப்பதே மரியாதைக் குறைவு ஆகிவிடும். கேட்கப் போகிற பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பதிவுசெய்து, அவர்களுக்கே போட்டுக்காட்டியபோதுதான் அந்தத் ‘தானே’ எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று அவர்களுக்கும் தெரிந்தது. அதே போல் முதல் படியில் ‘சரி’யை எப்போதும் முன்னால் சொல்லக் கூடாது. பாதிப் படிவங்களில் ‘சரியில்லைங்கிறீங்களா, சரிங்கிறீங்களா’ என்று மாற்றி அச்சடித்தோம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக அட்டை காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. முகப் படங்கள் வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். சிரிக்கும் முகம் சந்தோஷத்தைச் சொல்கிறது, உடன்பாட்டைச் சொல்வதில்லை. ‘தடைக்காலம் வீண்’ என்ற வாக்கியத்துக்கு முழுக்க உடன்படுகிறவர் சிரிக்கும் முகத்தைத் தொடவா, அழும் முகத்தைத் தொடவா? நிறங்களும் வேண்டாம். இங்கே எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் வைத்தாலும் ஏதாவது கட்சிக் கொடி நினைவுக்கு வந்துவிடும். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம், ஒரு சின்னச் சதுரம் மட்டும் அச்சடித்தோம். ‘முழுக்கவா, ஓரளவுக்கா’ என்ற இரண்டாம் படிக்கு அது போதும்.

அடுத்தது ‘ஆமாம்’ போடும் பழக்கம். பழைய படிவத்தில் பத்து வாக்கியமும் தடைக்காலத்தை ஆதரிக்கும் திசையிலேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவரும், தடைக்காலத்தை மனதார ஆதரிக்கிற ஒருவரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, பாதி வாக்கியங்களை எதிர்த்திசையில் எழுதுவது. ஆனால் எதிர்த்திசை என்றதும் கை தானாக ‘இல்லை’யைச் சேர்க்கும்: ‘தடைக்காலத்தால் மீன் பெருகுவதில்லை.’ இதைப் படித்துக்காட்டினால் ஒருவர் ‘இல்ல’ என்கிறார். ‘ஆமாம், பெருகுறது இல்ல’ என்ற இல்லையா, ‘இல்ல, நீங்க சொல்றது தப்பு’ என்ற இல்லையா? கேட்டவர் தன் புரிதலுக்கு ஏற்ப எதையாவது எழுதிவிடுவார். எதிர்த்தரப்பு ஆள் தன் வாயால் எப்படிச் சொல்வாரோ அப்படி, நேரான வாக்கியமாக எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

பத்து வாக்கியங்களை விட்டுவிட்டு, மீன்வளம் என்ற ஒரே விஷயத்துக்கு நான்கு வாக்கியங்கள் எழுதினோம்.

ஒன்று: தடைக்காலத்தால் கடலில் மீன் பெருகுகிறது. இரண்டு: வலை போட்டாலும் நிறுத்தினாலும் கடலில் மீன் ஒரே அளவுதான். மூன்று: தடைக்காலத்தில் மீன் குஞ்சுகள் வளர்ந்து பெரிதாக நேரம் கிடைக்கிறது. நான்கு: தடை முடிந்ததும் விசைப்படகுகள் மீனையெல்லாம் சில நாளில் அள்ளிவிடுகின்றன.

ஒன்றும் மூன்றும் ஆதரவு, இரண்டும் நான்கும் எதிர்ப்பு. எதிர்ப்பு வாக்கியங்களுக்கு வந்த எண்ணை 6-இலிருந்து கழித்து, அதாவது திருப்பித்தான் கூட்ட வேண்டும்: 5 என்றால் 1 ஆகும், 4 என்றால் 2 ஆகும். வருமானம், கடன் பற்றிய வாக்கியங்களை இந்தக் கூட்டலுக்குள் விடவில்லை. ‘தடைக்காலம் மீனைப் பெருக்குகிறது’, ‘தடைக்காலம் குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது’ இரண்டுக்கும் ஒருவர் முழுக்க உடன்படலாம், அதில் முரண் எதுவும் இல்லை. பழைய படிவத்தில் மீன்வளமும் வருமானமும் ஒன்றாகக் கூட்டப்பட்டபோது அப்படிப்பட்டவர் கணக்கில் நடுநிலைக்காரராகிவிட்டார். வீட்டுப் பாட்டைப் பற்றிக் கேட்க உடன்பாடு, மறுப்பு எல்லாம் தேவையே இல்லை. ‘தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கினீர்களா? வாங்கவில்லை, கொஞ்சம், நிறைய’ என்று நேரடியாகவே கேட்டோம். ‘ஆமாம்’ என்று தலையாட்ட அங்கே இடமே கிடையாது. முடிந்த இடத்திலெல்லாம் இந்த மாதிரி நேர்க்கேள்விதான் நல்லது என்பது என் கருத்து. உடன்பாட்டு வாக்கியத்தை, கருத்தைத் தவிர வேறெதையும் கேட்க முடியாத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, நான்கு வாக்கியத்தில் கணக்கு எப்படி விழுகிறது என்று மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். முதலாமவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவர்: 4, 5, 4, 5. திருப்பாமல் கூட்டினால் 18. இரண்டையும் நான்கையும் திருப்பினால் 4, 1, 4, 1, மொத்தம் 10. இரண்டாமவர் நடுவிலேயே நிற்பவர்: 3, 3, 3, 3. திருப்பினாலும் அதே 12. மூன்றாமவர் ஒவ்வொன்றையும் காதில் வாங்கிப் பதில் சொன்ன ஆதரவாளர்: 5, 2, 4, 1. திருப்பினால் 5, 4, 4, 5, மொத்தம் 18.

எதிர் வாக்கியம் இருந்ததால் முதலாமவர் ஆதரவாளர் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். நல்லதுதான். ஆனால் அவர் எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள்: 10, அதாவது நடுவுக்குப் பக்கத்தில். எதிர் வாக்கியம் தலையாட்டுகிறவரின் உண்மைக் கருத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை, அவரை நடுவுக்குக் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான். அங்கே ஏற்கனவே நடுக்கட்டப் பழக்கக்காரரும், உண்மையான நடுநிலைக்காரரும் நிற்கிறார்கள். ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொருவருக்கும் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: திருப்புவதற்கு முந்தைய சராசரி, பதில்களின் சிதறல். பதில்கள் C முதல் F வரையான நெடுவரிசைகளில் இருந்தால், விரிதாளில் இப்படி:

```
G2: =IF(COUNT(C2:F2)=4, C2+(6-D2)+E2+(6-F2), "")
H2: =IF(COUNT(C2:F2)=4, AVERAGE(C2:F2), "")
I2: =IF(COUNT(C2:F2)=4, STDEV.P(C2:F2), "")
```

I நெடுவரிசையில் 0 வந்தால் நான்குக்கும் ஒரே பதில் என்று பொருள். H-இல் 4-க்கு மேல் வந்தால், ஒன்றுக்கொன்று எதிரான வாக்கியங்களுக்கும் சேர்த்து ஆமாம் போட்டிருக்கிறார். முதலாமவருக்கு 4.5, மூன்றாமவருக்குச் சரியாக 3. இந்தத் தாள்களைத் தூக்கி எறிவதில்லை. தனியாக வைத்து, யார் கேட்டது, எங்கே, யார் பக்கத்தில் இருந்தார் என்று பார்க்கிறோம். ஒரே கேட்பவரிடமிருந்து நிறைய வந்தால் கோளாறு அந்தக் கேட்பவரிடம். எல்லோரிடமிருந்தும் ஒரே ஊரில் வந்தால், அங்கே கேட்ட இடத்திலோ நேரத்திலோ ஏதோ இருக்கிறது.

முதல் வரியில் COUNT ஏன் என்றால், D2 காலியாக இருந்தால் விரிதாள் அதை 0 என்று எடுத்துக்கொண்டு 6-0 என்று 6 போட்டுவிடும். ஐந்து வரைதான் உள்ள அளவுகோலில் ஒரு 6 சத்தமில்லாமல் கூட்டுத்தொகைக்குள் போய்விடும். அதே காரணத்துக்காகத்தான் தெரியாது என்பதற்கு 8, 9 போன்ற எண் குறியீடு வைக்காமல் T, P என்று எழுத்து வைத்தோம். COUNT எண்களை மட்டும்தான் எண்ணும், எழுத்து இருக்கும் தாள் கூட்டலுக்கோ மற்ற இரண்டு எண்களுக்கோ வராது.

அப்புறம் ஒவ்வொரு வாக்கியமும் மற்ற மூன்றோடு சேர்ந்து போகிறதா என்று பார்த்தோம். ஒரு வாக்கியத்தின் மதிப்பெண்ணை, அதை விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கூட்டிய தொகையோடு ஒப்பிட்டு, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் ஒட்டுறவு எண் எடுக்க வேண்டும். திருப்ப வேண்டியதைத் திருப்பிய பிறகு, விரிதாளில் CORREL செய்தால் போதும். எல்லாமே நேர்க்குறியில் வர வேண்டும். முதல் மூன்று வாக்கியங்களும் அப்படியே வந்தன. நான்காவது கழித்தல் குறியில் வந்தது.

கழித்தல் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, திருப்ப மறந்துவிட்டோமா என்பது. பார்த்தோம், திருப்பியிருந்தது. பிறகு தொழில்வாரியாகத் தாள்களைப் பிரித்து அடுக்கியபோது விஷயம் புரிந்தது. ‘விசைப்படகுகள் அள்ளிவிடுகின்றன’ என்பதை எதிர்ப்பாளர் வாக்கியம் என்று எழுதினோம்: என்ன பெருகி என்ன, கடைசியில் மிஞ்சுவது எதுவும் இல்லை என்று சொல்பவர் அதற்கு உடன்படுவார் என்று. ஆனால் அதற்கு முழுக்க உடன்பட்டவர்கள் நாட்டுப்படகுக்காரர்கள். அவர்கள்தான் தடைக்காலத்தை மிக உறுதியாக ஆதரிப்பவர்களும். விசைப்படகு அள்ளுகிறது, அதனால்தான் தடை வேண்டும், இன்னும் நீட்டினாலும் நல்லது என்பது அவர்கள் வாதம். அந்த வாக்கியம் அவர்களுடைய 5-ஐ 1 ஆக்கி, ஆதரவாளர்களின் மதிப்பெண்ணையே குறைத்துக்கொண்டிருந்தது. பாக் விரிகுடாவான வடகடலில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள பழைய பிணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வாக்கியம் தடைக்காலத்தைக் கேட்கவில்லை, விசைப்படகைக் கேட்டது.

அதன் இடத்தில் ‘கடலைப் பொறுத்தவரை, இரண்டு மாதம் படகைக் கட்டிப்போடுவது வீண்’ என்று வைத்தோம். ‘கடலைப் பொறுத்தவரை’ என்று முன்னால் வராவிட்டால், பதில் சொல்கிறவர்கள் உடனே வருமானத்துக்குப் போய்விடுகிறார்கள். பதில் சொல்லும்போது ஏன் என்று கேட்டுப் பார்த்ததில், இப்போது எல்லோரும் மீனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒட்டுறவு எண்ணும் நேர்க்குறிக்கு வந்துவிட்டது. பழைய நான்காவது வாக்கியத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதைக் கூட்டலுக்கு வெளியே, ஐந்தாவது கேள்வியாகத் தனியே வைத்திருக்கிறோம். யார் எந்தப் படகில் போகிறார் என்று பிரித்துப் பார்க்க அதைவிடத் தெளிவான கேள்வி இந்தப் படிவத்தில் வேறு இல்லை.